எழுத்தின்போது சொந்த உறுதிமொழி: பதிவாளர் சொல்லவைக்கும் வசனத்தை எங்கே வைப்பது?

பாரதிபுரத்தாள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வருகிற மாதம் கிளிநொச்சியில் எழுத்து. ஐயர், ஓமம் ஒன்றும் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்தே எடுத்த முடிவு. ஒரு சின்ன மண்டபத்துக்குப் பதிவாளரைக் கூப்பிட்டு, ஆளுக்காள் எழுதி வைத்திருக்கும் உறுதிமொழியை எல்லோர் முன்னாலும் வாசித்து, கையெழுத்து வைத்து, அப்புறம் சாப்பாடு. இதுதான் திட்டம்.

இணையத்தில் தேடி ஒரு மாதிரி எடுத்தேன். "இத்திருமணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இருப்பதாக நான் அறியேன் என்று உறுதியாகக் கூறுகிறேன்" என்று ஒரு வசனம், அதைக் கட்டாயம் சொல்லவேண்டும் என்று போட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு மிச்சத்தை நானே எழுதினேன்:

"இங்கே இருக்கிற உங்கள் எல்லோரையும் சாட்சியாக வைத்து, நான் என் வேலையை விடாமல் இருக்கவும் என் அம்மா எங்களோடு இருக்கவும் நீங்கள் சம்மதிக்கும்வரை, உங்களை என் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொள்கிறேன்."

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் பதிவாளர் "உதெல்லாம் எதுக்குப் பிள்ளை, நான் வாசிப்பன், நீங்கள் கையெழுத்து வையுங்கோ" என்றுவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் வாசித்தும் பார்க்கவில்லை. நான் எழுதியதைச் சொன்னால் கலியாணம் செல்லுபடியாகுமா, ஆகாதா? எந்த வசனத்தில் கை வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது?

மல்லாவி ரவி

தங்கச்சி, எங்கட அப்பா அம்மாவின் கலியாணம் கோயிலில் நடந்தது, எழுத்து எழுதவே இல்லை. இடப்பெயர்வு, முகாம் எல்லாம் கழிந்து வந்தபிறகு ஒரு நடமாடும் சேவையில்தான் பதிந்தார்கள். அங்கே ஒருவரும் உறுதிமொழி கேட்கவில்லை. அடையாள அட்டை, ஜீ.எஸ். கடிதம், சாட்சி இரண்டு பேர், அவ்வளவுதான். நீங்கள் வீணாக யோசிக்கிறீர்கள்.

பாரதிபுரத்தாள்

ரவி அண்ணை, அது முன்னரே நடந்த கலியாணத்தைப் பதிந்தது. எங்களுக்கு இனித்தான் கலியாணம். பதிவாளருக்கு முன்னால் நடக்கிறதுதான் கலியாணமே, வேறு ஒன்றும் இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

நெடுங்கேணி சிவா

நான் இந்தியாவில் முகாமில் வளர்ந்தவன், அங்கே சுயமரியாதைக் கலியாணம் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டமே இருக்கிறது. 1967இல் அண்ணாத்துரை ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ வேறு ஆட்களோ முன்னால் இருக்க, இரண்டு பேருக்கும் விளங்குகிற எந்த மொழியிலும் "உன்னை மனைவியாக ஏற்கிறேன், கணவனாக ஏற்கிறேன்" என்று சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். கட்டாய வசனம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் எழுதியதையே தைரியமாக வாசியுங்கள். பதிவாளர் சொல்வது வெறும் சடங்கு, கையெழுத்துத்தான் கலியாணம்.

பழைய பதிவாளர்

சிவா தம்பி, 7அ பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டம், கடல் தாண்டி இங்கே வராது. பாரதிபுரத்துப் பிள்ளையின் கலியாணம் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கப் போகிறது. அதில் 35ஆம் பிரிவைப் பாருங்கள். பதிவாளர் முன்னிலையில் நடக்கும் விவாகத்துக்கு இரண்டு பேச்சு இருக்கிறது. ஒன்று பதிவாளருடையது, மற்றது உங்களுடையது.

பதிவாளர் முதலில் இரண்டு பேரையும் பார்த்து ஒரு அறிவித்தல் சொல்லவேண்டும். அதன் சாரம் இது: என் முன்னிலையில் நீங்கள் ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாகப் பகிரங்கமாக ஏற்று, பிறகு பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பதால், வேறு எந்தக் கிரியையும் நடக்காவிட்டாலும் நீங்கள் சட்டப்படி விவாகமானவர்கள், உங்கள் வாழ்நாளில் நீதிமன்றத்தின் செல்லுபடியான விவாகரத்துத் தீர்ப்பு இல்லாமல் இது கலையாது, அப்படிக் கலையமுன் மற்றவர் உயிரோடு இருக்க இன்னொரு விவாகம் செய்தால் அது குற்றம், தண்டனை உண்டு.

அதற்குப் பிறகு நீங்கள் ஆளுக்காள் சொல்லவேண்டியது ஒரே ஒரு வசனம்: "இங்கே கூடியிருக்கும் எல்லோரையும் சாட்சியாக அழைத்துச் சொல்கிறேன், இன்னார் ஆகிய நான் இன்னார் ஆகிய உங்களை என் சட்டபூர்வமான கணவராக ஏற்றுக்கொள்கிறேன்." மாப்பிள்ளை மனைவியாக என்று சொல்லுவார்.

ஆகவே கையெழுத்து மட்டும்தான் கலியாணம் என்பது பாதிதான் சரி. பதிவாளர் வாசிக்கும் அறிவித்தலே முதலில் பகிரங்கமாக ஏற்பதைச் சொல்லி, "பிறகு" கையெழுத்து என்கிறது. ஏற்பது வாயால் நடக்கிறது, கையெழுத்து அதை உறுதிப்படுத்துகிறது.

பிள்ளை, உங்கள் வசனத்தில் மூன்று பிழை காண்கிறேன். பிழை என்பது எழுத்தில் இல்லை, அது இருக்கும் இடத்தில்.

பெரியது "சம்மதிக்கும்வரை". அது நிபந்தனை. வேலையும் அம்மாவும் நியாயமான விசயங்கள், கட்டாயம் பேசவேண்டியவை. ஆனால் ஏற்கும் வசனத்துக்குள்ளே "இது இருக்கும்வரை ஏற்கிறேன்" என்று வந்தால், ஒரு நிமிசம் முன்னர்தான் பதிவாளர் சொன்ன "தீர்ப்பு இல்லாமல் கலையாது" என்பதற்கு நேர் எதிராகப் பேசுகிறீர்கள். நான் பதவியில் இருந்திருந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, திரும்பச் சொல்லுங்கோ என்று கேட்டிருப்பேன், சபைக்கு முன்னால் அது உங்களுக்குச் சங்கடம். அடுத்தது "வாழ்க்கைத் துணை". உங்கள் சொந்தப் பேச்சில் எத்தனை தரமும் சொல்லுங்கள், இந்த வசனத்தில் மட்டும் கணவர், மனைவி என்றே வரவேண்டும். கடைசியாக, இரண்டு பேருடைய பெயரும் இல்லை. விவாக அறிவித்தலில் எழுதிக் கொடுத்த முழுப்பெயர் வரவேண்டும், வீட்டுப் பெயர் அல்ல. வன்னியில் ஒரு ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது புதுமை இல்லை, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முள்ளியவளை மகள்

அக்கா, நீங்கள் எடுத்த மாதிரி இங்கிலாந்து மாதிரி போல இருக்கிறது. எனக்கு லண்டனில்தான் பதிவு நடந்தது, அந்தத் "தடை எதுவும் அறியேன்" வசனத்தை நானே சொன்னேன். இங்கே 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி சடங்கிலேயே இரண்டு வசனம் வாயால் சொல்லவேண்டும். முதலாவது தடை இல்லை என்ற அறிவிப்பு, இரண்டாவது "இன்னாரை ஏற்கிறேன்" என்பது. பழைய வசனங்கள் நீளமாக இருக்கிறது என்று 1996இல் சின்ன வசனங்களையும் அனுமதித்தார்கள். இப்போது "நீங்கள் இன்னாரைச் சட்டப்படி மணக்கத் தடையற்றவரா" என்று அவர்கள் கேட்க, நாங்கள் "ஆம்" என்றாலும் முதலாவது வசனம் முடிந்துவிடும்.

மிச்சத்தை எங்கள் விருப்பத்துக்கு எழுதலாம், ஆனால் முன்னரே அனுப்பிக் காட்டச் சொன்னார்கள். நான் கடைசியில் ஒரு தேவாரம் படிக்கக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். பதிவகத்தில் சமய வழிபாடு நடக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறதாம். மனம் நொந்துதான் போனேன், அம்மம்மா படித்துப் படித்து எனக்குச் சொல்லித்தந்த பதிகம் அது. உங்களுக்கும் அப்படி ஏதும் இருக்கிறதோ தெரியாது, கேட்டு வையுங்கள்.

பழைய பதிவாளர்

மகள் சொன்னதில்தான் முழுக் குழப்பத்துக்கும் விடை இருக்கிறது. இங்கிலாந்தில் தடை இல்லை என்பதைச் சடங்கில் நின்று வாயால் சொல்லுகிறார்கள். இங்கே அதை விவாக அறிவித்தல் கொடுக்கும்போதே எழுத்தில் பிரகடனம் செய்து கையெழுத்து வைத்தாயிற்று. பாரதிபுரத்துப் பிள்ளையும் மாப்பிள்ளையும் அறிவித்தல் கொடுத்தபோது அந்தப் படிவத்தில் ஒப்பமிட்டிருப்பீர்கள், வாசித்துப் பார்த்தீர்களோ தெரியாது. ஆகவே மண்டபத்தில் அதைத் திரும்பச் சொன்னால் பாதகம் இல்லை, சொல்லாவிட்டாலும் குறை இல்லை. இணையத்து மாதிரியை நம்பி அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இங்கே உண்மையில் தேவையான மற்ற வசனத்தை உங்கள் பாட்டில் மாற்றி எழுதிவிட்டீர்கள். ஆபத்து அங்கேதான்.

தேவாரம் பற்றி: எங்கள் சட்டத்தில் வேறு கிரியை நடக்காவிட்டாலும் விவாகம் செல்லும் என்றுதான் இருக்கிறது. நடக்கக்கூடாது என்று இல்லை. திருக்குறள் வாசிக்கலாம், பதிகமும் படிக்கலாம், விளக்கும் ஏற்றலாம். பதிவாளரின் அறிவித்தலுக்கும் உங்கள் வசனத்துக்கும் நடுவில் மட்டும் ஒன்றையும் செருகாதீர்கள்.

மடு யூட்

எங்கட பக்கம் கோயிலில் சுவாமியே விவாகத்தையும் பதிந்துவிடுவார், பதிவாளர் வரத் தேவையில்லை. வாக்குறுதி வசனம் திருச்சபை தந்தது, அதைப் பிடித்தபடி சொன்னோம். எனக்கும் மனைவிக்கும் சொந்தமாக இரண்டு வரி சொல்ல ஆசை இருந்தது. சுவாமி "வாக்குறுதியில் கை வைக்காதே மகன், விருந்தில் சொல்லு" என்றார். விருந்தில் சொன்னோம், அழாத ஆள் இல்லை. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நீங்களும் எழுத்தை அலுவலகத்தில் முடித்துவிட்டு, மண்டபத்தில் ஆறுதலாக உறுதிமொழி வாசித்தால் என்ன?

பாரதிபுரத்தாள்

யூட் அண்ணை, அப்படித்தான் மாமியாரும் சொல்கிறா. ஆனால் எனக்கு இரண்டையும் பிரிக்க மனமில்லை. எழுத்து முதல் கிழமையே முடிந்துவிட்டால் மண்டபத்தில் சொல்வது நாடகம் மாதிரி எனக்கே படும். நான் சொல்கிற சொல்லால்தான் கலியாணம் ஆகவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

பழைய பதிவாளர் ஐயா, நீங்கள் சொன்னபடி பிரித்து எழுதிப் பார்த்தேன். சரியா என்று பாருங்கள்.

முதலில் நான் மட்டும் பேசுவது: "உங்களை எனக்கு நாலு வருசமாகத் தெரியும். காலபோகம் பிழைத்துப் போன வருசத்தில் நீங்கள் கடனை மறைக்காமல் என்னிடம் வந்து சொன்னீர்கள். அன்றைக்குத்தான் நான் முடிவெடுத்தேன். நானும் உங்களிடம் காசு விசயம் எதையும் மறைக்கமாட்டேன். அம்மா எங்களோடு இருப்பா, அவவைப் பார்ப்பது என் கடமை மட்டும் அல்ல என்று நீங்கள் சொன்னதை இங்கே எல்லோருக்கும் முன்னால் ஞாபகப்படுத்துகிறேன். நான் வேலைக்குப் போவேன். உங்கள் வயலில் இறங்கவேண்டிய நாளில் வயலுக்கும் வருவேன்."

பிறகு பதிவாளர் அறிவித்தல் வாசிப்பார். பிறகு அந்த ஒரு வசனம், முழுப்பெயரோடு, ஒரு சொல்லும் கூட்டாமல். பிறகு கையெழுத்து.

பழைய பதிவாளர்

அருமையாக இருக்கிறது பிள்ளை. நிபந்தனையாக இருந்தது இப்போது வாக்காக மாறிவிட்டது, அதுதான் வேண்டியது. அம்மாவின் விசயமும் முன்னரைவிடப் பலமாக வந்திருக்கிறது, ஏனென்றால் இது அவர் ஏற்கெனவே ஒத்துக்கொண்டது என்று சபை அறியச் சொல்லுகிறீர்கள்.

ஒன்று மட்டும். இந்த வாக்குகளை நீதிமன்றத்தில் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று நினைக்கவேண்டாம். "வேலைக்குப் போவேன் என்றேன், விடவில்லை" என்பது தனியே ஒரு விவாகரத்துக் காரணமாகாது. உங்கள் இரண்டு பேருக்கும் இடையிலும், கேட்டுக்கொண்டிருக்கும் சபைக்கு முன்னாலும்தான் அதற்குப் பெறுமதி.

மண்டபத்துப் பொடியன்

நான் ஒரு மண்டபத்தில் வேலை செய்கிறேன், எழுத்து நிறையப் பார்ப்பேன். ஐயா சொன்னவற்றோடு சில விசயம் சேர்க்கிறேன்.

பதிவாளரை மண்டபத்துக்குக் கூப்பிடுவதென்றால் விசேட அனுமதிப்பத்திரம் எடுத்தீர்களா அக்கா? அவருடைய அலுவலகத்துக்கு வெளியே நடத்த அது வேணும். "அவர் வாறன் என்றவர்" என்று மட்டும் நம்பி இருக்கிற ஆட்கள் உண்டு, கடைசி நேரத்தில் ஓடித் திரிவார்கள்.

அடுத்தது சத்தம். எங்கள் மண்டபத்தில் பதிவாளரின் மேசை மேடையில் ஒரு மூலையில் இருக்கும். வீடியோக்காரர் சுற்றி நிற்பார், பாட்டு ஓடும், பதிவாளர் குனிந்து வாசிப்பது முதல் வரிசைக்கே கேளாது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்து வைப்பார்கள். சாட்சிக்காரரில் ஒருவர் சமையல் பக்கம் நிற்பார், கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டு வருவார்கள். உங்களுக்கு அப்படி நடந்தால் நீங்கள் எழுதியது எல்லாம் வீண். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், பதிவாளருக்கும் ஒரு மைக் கொடுங்கள், மேசையை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சவுண்ட்காரரிடம் முதல் நாளே சொல்லவேண்டும்.

பழைய பதிவாளர்

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. இரண்டு சாட்சிகளும் தொடக்கத்தில் இருந்து நிற்கவேண்டும். "எல்லோரையும் சாட்சியாக அழைக்கிறேன்" என்று நீங்கள் சொல்லும்போது அவர்கள் காதில் விழவேண்டும், பிறகுதான் அவர்கள் ஒப்பத்துக்குப் பெறுமதி. கதவும் திறந்தே இருக்கவேண்டும், சட்டத்தில் அப்படியே இருக்கிறது. குளிரூட்டிக்காகக் கதவைச் சாத்தி விடுகிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் காலை 6 மணியில் இருந்து மாலை 6 மணிக்குள் நடத்தவேண்டும், விசேட அனுமதிப்பத்திரத்தில் வேறு நேரம் கேட்கலாம். நீங்கள் என்ன நேரம் போட்டிருக்கிறீர்கள்?

பாரதிபுரத்தாள்

பின்னேரம் 4 மணி. அனுமதிப்பத்திரத்துக்குக் கச்சேரியில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. உறுதிமொழி இரண்டு பேருக்கும் பத்து நிமிசத்துக்கு மேல் போகாது, ஆனால் எங்கட ஆட்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள், அதனால் 3 மணி என்று அழைப்பிதழில் போடுவோம் என்று இருக்கிறோம். சாட்சிக்கு என் கூட்டாளிப் பிள்ளைகள் இரண்டு பேர். பெண்கள் இரண்டு பேரும் சாட்சியாக நிற்கலாம்தானே? மாமியார் ஆம்பிளை ஒராள் வேணும் என்கிறா.

பழைய பதிவாளர்

தாராளமாக நிற்கலாம். சட்டத்தில் ஆண் பெண் பேதம் இல்லை. அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நெடுங்கேணி சிவா

ஐயா, நான் கேட்கிறதில் குறை நினைக்காதேங்கோ. மண்டபத்துத் தம்பி சொல்கிறபடி பார்த்தால் பாதிக் கலியாணத்தில் ஒருவரும் அந்த வசனத்தைச் சொல்வதே இல்லை. தலையை ஆட்டுகிறார்கள். அப்போ அந்தக் கலியாணம் எல்லாம் செல்லாதா? செல்லும் என்றால், அந்த வசனம் கட்டாயம் என்று எப்படிச் சொல்வது?

பழைய பதிவாளர்

நல்ல கேள்வி. விவாகச் சான்றிதழ் கையில் இருந்தால் அதுவே பலமான அத்தாட்சி, வசனம் வாயில் வரவில்லை என்று யாரும் வழக்குக்குப் போய் நான் கண்டதில்லை. ஆனால் பதிவாளர் கடமை என்று ஒன்று இருக்கிறது. நான் சொல்லவைக்காமல் ஒரு விவாகமும் பதிந்ததில்லை. பிள்ளைகள் வெட்கப்படுவார்கள், மெதுவாகச் சொல்வார்கள், அதற்காக விட்டுவிட முடியாது. விருப்பம் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்திய பிள்ளையைக் கண்டுபிடிக்க எனக்கு இருந்த வழி அது ஒன்றுதான். தலை ஆட்டுவதில் அது தெரியாது. வாய் திறந்து சொல்லும்போது குரலில் தெரியும். அப்படி இரண்டு இடத்தில் நிறுத்தித் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன்.

நெடுங்கேணி சிவா

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சொல்லாமல் விட்டால் சட்டப்படி என்ன ஆகும் என்பதற்கு எனக்கு இன்னும் நேரான பதில் கிடைக்கவில்லை. சட்டத்தரணி யாராவது இருந்தால் எழுதுங்கள்.

முள்ளியவளை மகள்

அக்கா, ஒரு சின்ன யோசனை. அந்தச் சட்ட வசனத்தைப் பார்க்காமல் சொல்ல முயற்சிக்கவேண்டாம். நான் நாலைந்து நாள் பாடமாக்கினேன், அப்படியும் நின்றவுடன் பெயரே வரவில்லை. இங்கே பதிவாளர் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். உங்களுடைய சொந்தப் பேச்சை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள், இதைத் திருப்பிச் சொல்வதுதான் பாதுகாப்பு. அங்கேயும் அப்படிச் செய்வார்களா?

பழைய பதிவாளர்

செய்வார்கள், கேட்டால். பிள்ளை, உங்கள் பதிவாளரிடம் திரும்பப் போங்கள், ஆனால் உறுதிமொழியைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். அவர் அதைத் தன் வேலையில் தலையிடுவதாக நினைத்திருப்பார். "ஐயா, நீங்கள் வாசிக்க வேண்டியதை முழுதாக வாசியுங்கோ, 35ஆம் பிரிவு வசனத்தை எங்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லித் தாங்கோ, நாங்கள் திருப்பிச் சொல்கிறோம், எங்கள் பேச்சு அதற்கு முதலே முடிந்துவிடும்" என்று கேளுங்கள். அவருக்குக் கூடுதல் வேலை ஒன்றும் இல்லை என்று விளங்கினால் மறுக்கமாட்டார்.

பாரதிபுரத்தாள்

போய்க் கேட்டேன் ஐயா. இந்தமுறை இருக்கச் சொன்னார். தான் வாசிக்கும் தாளை எடுத்துக் காட்டினார், நீங்கள் சொன்ன சாரம்தான், சொற்கள் கொஞ்சம் வித்தியாசம். திருப்பிச் சொல்ல ஒத்துக்கொண்டார். ஆனால் எங்கள் பேச்சு தன் வாசிப்புக்குப் பிறகு, கையெழுத்தும் முடிந்தபிறகு வரட்டும் என்கிறார், முதலில் வந்தால் நேரம் இழுபடும் என்று. எனக்கு முதலில் பேசித்தான் ஏற்கவேண்டும். இது இன்னும் முடிவாகவில்லை, மாப்பிள்ளை நாளைக்கு ஒருக்கால் போய்க் கதைக்கிறாராம்.

பெயர் விசயத்தில் ஐயா சொன்னதற்கு நன்றி. வசனத்தில் முழுப்பெயர் சொல்லவேண்டும் என்றதும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். என் முழுப்பெயர் அப்பாவின் பெயரில்தான் தொடங்குகிறது. அப்பா 2009க்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. அப்பாவைப் பற்றி ஏதாவது எழுதவேண்டும் என்று பல நாளாக முயன்றும் வரவில்லை, அந்தப் பத்தியை இப்போது எடுத்துவிட்டேன். சட்ட வசனத்திலேயே அவர் பெயர் வருகிறது, அது போதும் என்று அம்மாவும் சொல்லிவிட்டா.

மண்டபத்துப் பொடியன்

அக்கா, பதிவாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. நேரம்தான் அவருக்குப் பிரச்சினை என்றால், அவர் வந்து மேசையில் இருந்து புத்தகத்தில் விபரம் நிரப்புவதற்கே நேரம் போகும். அந்த நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் மைக்கைப் பிடித்துப் பேசி முடிக்கலாம். அவர் பேனையை வைத்து எழும்ப, உங்கள் பேச்சும் முடியும். நாளைக்குப் போகும்போது அண்ணையை இதைக் கேட்டுப்பார்க்கச் சொல்லுங்கள்.